12 ஜிபி அப்டேட்டுக்கு 200 ஜிபி இடம்

2021 மார்ச் 30 அன்று வார்ஸோன் கேமுக்கு ஓர் அப்டேட் வந்தது. அதில் பலரும் காத்திருந்தது புதுத் துப்பாக்கிக்காக அல்ல. கேம் இளைக்கப்போகிறது என்று நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. வார்ஸோனையும் அதன் தாய் கேமான கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேரையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு 30 ஜிபிக்கு மேல் இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இடத்தை மிச்சப்படுத்த வந்த அந்த அப்டேட்டே 50 ஜிபிக்கு மேல் இருந்தது. ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தவர்கள், இடம் கிடைப்பதற்காக முதலில் இடம் தேட வேண்டியிருந்தது.

மாடர்ன் வார்ஃபேர் 2019 அக்டோபரில் வெளிவந்தது. 2020 மார்ச்சில் வார்ஸோன் இலவசமாக அதனுடன் இணைந்தது. அதன் பிறகு சீசனுக்குச் சீசன் புது மேப், புது ஆயுதம், புது உடை என்று சேர்ந்துகொண்டே போய், எல்லாப் பகுதிகளும் உள்ள கேம் 200 ஜிபியைத் தொட்டது. 2020 நவம்பரில் பிளாக் ஆப்ஸ் கோல்ட் வார் வந்ததும் நிலைமை முற்றியது. இரண்டையும் முழுமையாக வைத்திருப்பவர்கள் 500 ஜிபி பிஎஸ்4-இல் இடத்தை ஒழிக்க வேண்டியிருக்கலாம் என்று கேமை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனமே 2021 தொடக்கத்தில் சொல்ல நேர்ந்தது.

500 ஜிபி என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண். கன்சோலின் சொந்த மென்பொருளும் அது ஒதுக்கி வைத்துக்கொள்ளும் பகுதியும் போக, ஆடுபவர் கைக்கு வருவது சுமார் 408 ஜிபிதான்.

இந்தக் கணக்கு தெரிந்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திரையில் 12 ஜிபி அப்டேட் என்று காட்டுகிறது. டிஸ்க்கில் 53 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனாலும் இடம் போதவில்லை என்று கன்சோல் அப்டேட்டை நிறுத்திவிடுகிறது. ஆடுபவர் கன்சோல் பழுதாகிவிட்டதோ என்று பயப்படுகிறார், அல்லது கோபத்தில் கைக்கு எட்டிய கேமை எல்லாம் அழிக்கிறார். பழுது எதுவும் இல்லை. பிஎஸ்4 அப்டேட்டைப் பொருத்தும் முறையே அப்படித்தான்.

கடைக்காரர் ஒருவர் கணக்கு நோட்டில் அடித்துத் திருத்துவதை விரும்பாதவர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கத்தில் மாற்றம் என்றாலும் புது நோட்டு வாங்குவார். மாறாத பக்கங்களைப் பழையதைப் பார்த்து எழுதுவார், மாறிய பக்கங்களைத் திருத்தி எழுதுவார், கடைசிப் பக்கம் முடிந்து சரிபார்த்த பிறகே பழைய நோட்டைக் கிழித்துப் போடுவார். அதுவரை இரண்டு நோட்டுக்கும் மேசையில் இடம் வேண்டும். பிஎஸ்4 செய்வதும் ஏறக்குறைய இதுதான். இணையத்திலிருந்து இறங்கிய 12 ஜிபியையும் டிஸ்க்கில் உள்ள பழைய கேமையும் சேர்த்து, கேமின் புதுப் பிரதி ஒன்றை உருவாக்குகிறது. டவுன்லோடு முடிந்த பிறகும் திரையில் Copying என்று ஒரு கோடு நெடுநேரம் ஊர்ந்துகொண்டிருப்பது இதனால்தான். ஒரே டிஸ்க்கிலிருந்து படித்து அதே டிஸ்க்கில் எழுத வேண்டும். பிஎஸ்4-இல் இருப்பதோ நிதானமாகச் சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். அதனால் அப்டேட் இறங்கிய நேரத்தைவிட நகலெடுக்கும் நேரம் அதிகமாவதும் சகஜம்.

எனவே அப்டேட்டின் அளவைப் பார்த்து இடத்தைக் கணக்கிட்டால் தவறிவிடும். அப்டேட் ஆகப்போகும் கேம் எவ்வளவு பெரியதோ, ஏறக்குறைய அவ்வளவு இடம் அந்த நேரத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். கேமுக்குக் கேம் இது மாறும் என்றாலும், கணக்கை இங்கே தொடங்குவதுதான் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அந்த இடம் திரும்பிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 408 ஜிபியில் கால் ஆஃப் டியூட்டி 200, ஜிடிஏ 5-க்கு 95, ஒரு கால்பந்து கேமுக்கு 45, ஸ்கிரீன்ஷாட், வீடியோ முதலியவற்றுக்கு 15. மொத்தம் 355 போக மீதி 53 ஜிபி. கால் ஆஃப் டியூட்டிக்கு 12 ஜிபி அப்டேட் வருகிறது, நின்றுவிடுகிறது. ஆடுபவர் கால்பந்தை அழிக்கிறார். காலி இடம் 98 ஆகிறது. போதாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஜிடிஏவையும் அழிக்கிறார். 193 ஆகிறது. அப்போதும் போதாது. இரண்டு கேமை இழந்த பிறகும் அதே செய்திதான் திரையில் நிற்கிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வழி தெரியும். சின்ன கேம்களைத் தொடாமல், தகராறு செய்யும் அந்தப் பெரிய கேமையே அழித்துவிட வேண்டும். 53-உடன் 200 சேர்ந்து 253 ஜிபி காலியாகிறது. பிறகு அதே கேமை Library பகுதியிலிருந்து புதிதாக இறக்கினால், பழைய பிரதியே இல்லாததால் நகலெடுக்கும் வேலைக்கு 200 ஜிபி கூடுதலாகத் தேவைப்படாது. மற்ற இரண்டு கேமும் பத்திரமாக இருக்கும்.

இதற்கு விலை நேரமும் டேட்டாவும்தான். விநாடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 200 ஜிபி இறங்க, தடையே இல்லாவிட்டாலும் சுமார் 9 மணி நேரம் ஆகும். மாத டேட்டாவுக்கு வரம்பு உள்ள வீட்டில், அமுக்கும் முன் வரம்பில் மீதி எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க்காக வாங்கிய கேம் என்றால் அதிலிருந்து ஒரு பகுதி ஏறும், ஆனால் டிஸ்க் அச்சான நாளுக்குப் பிறகு வந்த மாற்றங்கள் அத்தனையும் இணையத்திலிருந்துதான் இறங்க வேண்டும். அடிக்கடி மாறும் ஆன்லைன் கேமில் அதுவே பெரும்பகுதியாக இருக்கும். டிஸ்க்கைப் போட்டு ஆடினாலும் கேம் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் ஏறியே தீரும் என்பது இன்னமும் பலருக்குத் தெரியாத விஷயம்.

அழிப்பதற்கு முன் எல்லோருக்கும் எழும் பயம், ஆடிச் சேர்த்ததெல்லாம் போய்விடுமோ என்பது. பிஎஸ்4-இல் கேம் வேறு, ஆடிய நிலையைச் சேமித்த கோப்பு வேறு. Settings-இல் Storage, அதில் System Storage என்று போனால் Applications, Capture Gallery, Saved Data என்று தனித்தனியாக நிற்கும். Applications-க்குள் கேமை அழித்தால் Saved Data அப்படியே இருக்கும். வார்ஸோன் போன்ற கேம்களில் ஆடுபவரின் நிலையும் வாங்கிய பொருட்களும் நிறுவனத்தின் சர்வரில் கணக்கோடு இருப்பதால் அங்கே பயமே இல்லை. தனியாக ஆடும் கதை கேம்களுக்கு மட்டும், ஒரு பாதுகாப்புக்காக, Application Saved Data Management பகுதியில் போய்ச் சேமிப்பை ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மறந்தும் Saved Data பட்டியலில் அழிக்கும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கிடைக்கும் இடம் சொற்பம், இழப்பு பெரிது.

Capture Gallery அப்படியல்ல, தயங்காமல் கை வைக்கலாம். கோப்பை கிடைக்கும்போதெல்லாம் கன்சோல் தானாக எடுத்த படங்களும், Share பொத்தானை அழுத்திச் சேமித்த வீடியோக்களும் மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். அதேபோல Notifications-இல் உள்ள Downloads பட்டியலையும் ஒரு முறை பார்க்க வேண்டும். பாதியில் நின்ற டவுன்லோடுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். தோற்றுப்போன அப்டேட்டையும் அங்கிருந்து நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

மாடர்ன் வார்ஃபேரில் இன்னொரு வசதியும் தந்தார்கள். கதைப் பகுதி, ஸ்பெஷல் ஆப்ஸ், மல்டிபிளேயர் என்று கேமைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். கேமுக்குள் Options, General, Game Installs என்று போனால் வேண்டாத துண்டை அழித்துவிடலாம். வார்ஸோன் மட்டும் ஆடுகிறவருக்குக் கதைப் பகுதி எதற்கு? இதில் இரட்டை லாபம் உண்டு: அந்த இடமும் கிடைக்கிறது, கேம் சிறிதாவதால் அடுத்த அப்டேட்டுக்குத் தேவைப்படும் இடமும் குறைகிறது. ஆனால் கேமைத் திறந்தால்தான் இந்தப் பட்டியலுக்குள் போக முடியும். அப்டேட் வந்து வாசலை மறிக்கும் முன், ஓய்வான ஒரு நாளில் செய்துவைக்க வேண்டிய வேலை இது.

கேம்கள் ஏன் இப்படிப் பருக்கின்றன என்பதற்கு ஒரு காரணத்தை பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஓர் உரையில் விளக்கினார். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை அங்கும் இங்கும் நகர நேரம் பிடிக்கும். அதைத் தவிர்க்க, அடிக்கடி தேவைப்படும் பொருளைப் பல இடங்களில் மறுபடி மறுபடி எழுதி வைப்பார்கள். ஸ்பைடர்மேன் கேமில் சில தரவுகள் டிஸ்க்கில் 400 முறை எழுதப்பட்டிருந்ததாக அவர் சொன்னார். வேகத்துக்காக இடத்தைப் பலி கொடுத்த ஏற்பாடு அது. அந்தப் பாரத்தைச் சுமப்பது வீட்டிலிருக்கும் 500 ஜிபி டிஸ்க்.

மாதம் ஒரு முறை அழிப்பதும் இறக்குவதுமாகக் காலம் ஓட்ட முடியாதவர்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்தான் நிரந்தர வழி. பிஎஸ்4-இல் 2017 மார்ச்சில் வந்த 4.50 சிஸ்டம் மென்பொருளிலிருந்து இது சாத்தியமாயிற்று. யூஎஸ்பி 3.0 வகையாகவும், 250 ஜிபிக்குக் குறையாமலும் 8 டிபிக்கு மிகாமலும் இருந்தால் போதும். கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க்குகள் கன்சோலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரிய மூன்றரை அங்குல வகைக்குத் தனி அடாப்டர் வேண்டும். கன்சோலின் யூஎஸ்பி துளையிலேயே நேராகச் செருக வேண்டும், நடுவில் ஹப் வைத்தால் ஏற்காது.

செருகியதும் வேலை செய்யாது. Settings, Devices, USB Storage Devices என்று போய் டிஸ்க்கைத் தேர்ந்து Format as Extended Storage கொடுக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஃபார்மட் செய்தால் அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த அனைத்தும் அழிந்துவிடும். வீட்டில் கல்யாண வீடியோ, குழந்தைப் படங்கள் என்று வைத்திருக்கும் டிஸ்க்கை அவசரத்துக்கு எடுத்துச் செருகி, எல்லாவற்றையும் இழந்துவிட்டுத் தவிக்கக் கூடாது. புது டிஸ்க் வாங்கி அதைக் கேமுக்கென்றே விட்டுவிடுவது மேல்.

ஃபார்மட் ஆனதும் இனி இறங்கும் கேம்கள் வெளி டிஸ்க்குக்கே போகும்படி கன்சோல் தானாக மாற்றிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பதை நகர்த்த, Applications பட்டியலில் Options பொத்தானை அழுத்தி Move to Extended Storage கொடுக்க வேண்டும்.

எதை நகர்த்துவது? பெரும்பாலானவர்கள் எப்போதாவது ஆடும் கேம்களை வெளியே தள்ளிவிட்டு, தினமும் ஆடுவதை உள்ளே வைத்துக்கொள்வார்கள். வீட்டுச் சாமான் ஒழுங்குக்கு இது பொருந்தும், இங்கே பொருந்தாது. மேலே போட்ட மாதிரிக் கணக்குக்கே திரும்புவோம். ஜிடிஏவையும் கால்பந்தையும் வெளியே அனுப்பினாலும் உள்ளே காலியாவது 193 ஜிபிதான். அழித்துப் பார்த்தபோது வந்த அதே எண், அதே தோல்வி. மாறாக 200 ஜிபி கால் ஆஃப் டியூட்டியை 2 டிபி வெளி டிஸ்க்குக்கு நகர்த்தினால் கதை மாறுகிறது. கேம் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேதான் அதன் அப்டேட்டும் நகலெடுப்பும் நடக்கும். அங்கே ஆயிரம் ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. ஆகவே அடிக்கடி அப்டேட் வாங்கும் மிகப் பெரிய கேம்தான் முதலில் வெளியே போக வேண்டும். 200 ஜிபி நகர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். அதுவரை கன்சோலை அணைக்கக் கூடாது, கேபிளையும் தொடக் கூடாது.

பிஎஸ்4 கேம்கள் வெளி டிஸ்க்கிலிருந்தே நேராக ஓடும். ஒரே சமயத்தில் ஒரு வெளி டிஸ்க்தான் பயன்படும். சேமித்த நிலைகளும் ஸ்கிரீன்ஷாட்களும் வெளியே போகாது, எப்போதும் உள் டிஸ்க்கிலேயே இருக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கேபிளைப் பிடுங்கும்போதுதான். கன்சோல் Rest Mode-இல் தூங்குவதுபோல் தெரிந்தாலும் வெளி டிஸ்க் இன்னும் இயக்கத்தில் இருக்கும். அப்போது பிடுங்கினால், அடுத்த முறை செருகும்போது டிஸ்க் சரியாகக் கழற்றப்படவில்லை என்று சொல்லிக் கன்சோல் பழுதுபார்க்க ஆரம்பிக்கும். நல்லகாலம் இருந்தால் அதோடு போகும், இல்லாவிட்டால் கேம் கெட்டு மறுபடி முழுவதும் இறக்க நேரும். கழற்ற வேண்டுமானால் கன்சோலை முழுதாக அணைக்க வேண்டும், அல்லது USB Storage Devices-இல் Stop Using This Extended Storage கொடுக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிஎஸ்4 ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காது. யாராவது தெரியாமல் கம்ப்யூட்டரில் செருகினால், இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். சம்மதம் கொடுத்தால் அத்தனை கேமும் போயிற்று. டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் எழுதி வைக்கும் வீடுகள் தப்பித்துக்கொள்கின்றன.

எல்லாம் செய்த பிறகும், இடம் நிறைய இருக்கும்போதே இடமில்லை என்று கன்சோல் சொன்னால் அதன் உள்பட்டியல் குழம்பியிருக்கலாம். கன்சோலை அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை, சுமார் 7 விநாடி, அழுத்திப் பிடித்தால் Safe Mode திறக்கும். அங்கே 5-ஆவதாக உள்ள Rebuild Database, கேம்களை அழிக்காமல் பட்டியலை மட்டும் புதிதாகக் கட்டும். கண் தவறினால் அடுத்த வரியில் விரல் விழும். 6-ஆவதான Initialize PS4 கன்சோலில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

புதிய கன்சோல்களுக்கு மாறியவர்களுக்கு விதி வேறு. முதலில் வந்த பிஎஸ்5-இல் 825 ஜிபி இருக்கிறது என்றாலும் கைக்கு வருவது சுமார் 667. யூஎஸ்பி டிஸ்க்கில் பிஎஸ்4 கேம்களை ஆடலாம். பிஎஸ்5 கேம்களை 2021 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே வைக்க முடியும், ஆனால் ஆட முடியாது. உள்ளே திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அவை அப்டேட்டும் ஆகும், ஓடவும் செய்யும். வைக்கோல் போரை வீட்டுக்குப் பின்னால் வைத்து வேண்டும்போது ஒரு கட்டு எடுத்துவருவதுபோல. திரும்ப இறக்கும் டேட்டா மிச்சமாகிறது என்பதே லாபம். முதலில் வந்த பிஎஸ்5-இன் முன்பக்கத்தில் உள்ள அகலமான யூஎஸ்பி துளை வேகம் குறைந்தது, அதில் செருகினால் வெளி டிஸ்க்காக ஏற்காது. பின்பக்கத் துளையைப் பயன்படுத்த வேண்டும். பிஎஸ்5 கேமை ஆடவே கூடுதல் இடம் வேண்டுமென்றால் மூடியைக் கழற்றி எம்.2 வகை எஸ்எஸ்டி பொருத்த வேண்டும். 2021 செப்டம்பரில் இந்த வழி திறந்தது. வெப்பத்தைக் கடத்தும் ஹீட்சிங்க் கட்டாயம், அதுவும் சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் மூடி மூடாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்குகிறவர்கள்தான் இதில் மிகவும் நெருக்கப்படுகிறார்கள். 512 ஜிபி மாடலில் சுமார் 364 ஜிபிதான் கிடைக்கும், பழைய பிஎஸ்4-ஐவிடக் குறைவு. அங்கும் யூஎஸ்பி டிஸ்க்கில் எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்துக் கேம்கள் ஓடும். சீரிஸ் கன்சோல்களுக்கென்றே செய்தவற்றை அங்கே வைக்க மட்டுமே முடியும். ஆடுவதற்குப் பின்பக்கம் செருகும் தனி எக்ஸ்பேன்ஷன் கார்டு வேண்டும், யூஎஸ்பி டிஸ்க்கைவிட அது கணிசமாக விலை கூடியது.

பிஎஸ்4-இலிருந்து பிஎஸ்5-க்கு மாறுகிறவருக்கு ஒரு சலுகை உண்டு. பிஎஸ்4-இல் ஃபார்மட் செய்த வெளி டிஸ்க்கை அப்படியே கழற்றி பிஎஸ்5-இல் செருகினால், அதிலுள்ள கேம்களை மறுபடி இறக்காமலே ஆடலாம். அப்படி மாற்றும் நாளில் டிஸ்க்கில் உள்ள பட்டியலை ஒரு முறை படித்துப் பார்க்கலாம். 2020-இல் தொடங்கிய அந்த முதல் வார்ஸோன், பிற்பாடு வார்ஸோன் கால்டேரா என்று பெயர் மாறி, 2023 செப்டம்பர் 21 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டு முடிந்துபோனது. அழிக்காத டிஸ்க்குகளில் அது இன்றும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.